வரவில்லையா, பதியவில்லையா?



பள்ளி நிர்வாகத்தில் எந்தப் பொருளை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம்தான். காலையில் பிள்ளை வகுப்பில் இல்லையென்றால் பெற்றோரின் கைபேசிக்குத் தானாகவே போகிறதே ஒரு குறுஞ்செய்தி, அது ஏன் தப்பாகப் போகிறது, அந்தத் தப்பை எப்படிக் குறைக்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1200 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் 100க்கு 5 பேர் வரவில்லை என்றால் 60 பேர். மீதி 1140 பேர் வகுப்பில் இருக்கிறார்கள். பதிவு செய்வதில் 100க்கு 1 தவறு நேர்கிறது என்போம். கையால் செய்யும் எந்த வேலைக்கும் இது நல்ல மதிப்பெண்தான். ஆனால் 1140 பேரில் 100க்கு ஒருவர் என்றால் 11 பேர். ஆக, அன்று போகிற 71 செய்திகளில் 11, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் காணோம் என்று சொல்கின்றன.

இன்னும் ஒரு படி போவோம். வராத 60 பேரில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல், அல்லது ஊரில் ஒரு விசேஷம். அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு அது தெரியும். வீட்டுக்குத் தெரியாமல் வராதவர்கள் மூன்று பேர் என்று கொள்வோம். இந்த ஏற்பாடே அந்த மூன்று பேருக்காகத்தான். அந்த மூன்று செய்திக்கு எதிராகப் பதினொரு பொய்ச்செய்தி. இதில் மென்பொருளின் குற்றம் ஒன்றுமில்லை. வந்தவர்கள் மிக அதிகம், வராதவர்கள் மிகக் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் சின்னத் தவறும் பெருகித்தான் தெரியும். பதிவுத் தவறை 500க்கு 1 ஆக்கினால் பதினொன்று இரண்டாகிவிடும். எங்கே கை வைத்தால் பலன் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது: செய்தி அனுப்பும் கருவியில் கை வைக்க வேண்டியதில்லை, பதிவில் வைக்க வேண்டும்.

பழைய காகித வருகைப் பதிவேட்டை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். காலையில் ஒரு சாய்கோடு, பிற்பகலில் எதிர்ச்சாய்கோடு, இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. வராதவனுக்கு ஒரு சின்ன எழுத்து. இவை இரண்டைத் தவிர அந்தப் பதிவேட்டில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அது வெற்றுக் கட்டம். டீச்சர் இன்னும் பதியவில்லை, பையன் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான், மணி அடித்து ஐந்து நிமிடம்தான் ஆகிறது என்று அந்த வெற்றிடத்துக்குப் பல அர்த்தங்கள். யாரும் அதைப் பார்த்து "பையன் வரவில்லை" என்று வீட்டுக்கு ஆள் அனுப்பியதில்லை.

கைபேசிச் செயலிகள் பலவற்றில் இந்த வெற்றுக் கட்டம் காணாமல் போய்விட்டது. திரையைத் திறந்தாலே எல்லோரும் வந்ததாகக் குறித்திருக்கும், வராதவரை மட்டும் தொட்டு மாற்ற வேண்டும். இது ஒரு வகை. எல்லோரும் வராததாக இருக்கும், வந்தவரைத் தொட வேண்டும் என்பது இன்னொரு வகை. முதல் வகையில் ஆசிரியர் பதிய மறந்தால் வகுப்பே வந்ததாகிவிடும். உண்மையில் வராத பிள்ளையின் வீட்டுக்குச் செய்தியே போகாது, இந்தத் தப்பு யார் கண்ணிலும் படாது. இரண்டாம் வகையில் மறந்தால், 40 பேர் உள்ள வகுப்பில் 40 வீட்டுக்கும் செய்தி பறக்கும். முதலாவது மௌனமாகத் தப்பு செய்கிறது, இரண்டாவது கூச்சல் போட்டுத் தப்பு செய்கிறது. கூச்சலைக் கேட்டு எரிச்சலடைந்து முதலாவது வகைக்கு மாறிய பள்ளிகள் உண்டு. அவர்கள் பொய் அலாரத்தைக் குறைக்கவில்லை, அலாரத்தையே நிறுத்தியிருக்கிறார்கள். வேண்டியது மூன்று நிலை: வந்தார், வரவில்லை, இன்னும் பதியவில்லை. மூன்றாவது நிலையில் இருக்கும் பிள்ளைக்காகப் பெற்றோரைக் கேட்கக் கூடாது, ஆசிரியரைக் கேட்க வேண்டும்.

இங்கிலாந்துப் பள்ளிகளில் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதிகள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கின்றன. காரணம் தெரியாமல் வராதவருக்கு `N` என்று தனிக் குறியீடு. பதிவேடு மூடுமுன் தாமதமாக வந்தால் `L`, மூடிய பிறகு வந்தால் `U`. பதிவேட்டை அதிகபட்சம் அரை மணி நேரம் திறந்து வைக்கலாம். `N` போட்டவருக்கு ஐந்து பள்ளி நாளுக்குள் காரணத்தைக் கண்டறிந்து மாற்றிவிட வேண்டும். குறியீடுகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தாமதமும் வராமையும் ஒன்றல்ல என்பதைப் பதிவேட்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்களே, அதுதான் கவனிக்க வேண்டியது.

இனி ஒரு மழைக்காலத் திங்கட்கிழமை. பள்ளியின் பெயர் வேண்டாம். கேட்டில் அட்டை வைத்தால் 'டிக்' என்று சத்தம் போடும் கருவி இருந்தது. மணி 9.10க்கு. 9.30க்கு கேட்டில் அட்டை வைக்காத எல்லோருடைய வீட்டுக்கும் செய்தி போய்விடும், யாரும் பொத்தான் அழுத்த வேண்டியதில்லை. அன்று இரண்டு பேருந்துகள் தாமதம். பிள்ளைகள் 9.20க்கு நனைந்துகொண்டு இறங்கினார்கள். வரிசையில் நின்று அட்டை வைத்தால் இன்னும் நனைவார்கள் என்று வாட்ச்மேன் பெரிய கதவைத் திறந்துவிட்டு, "ஓடுங்க ஓடுங்க, கிளாசுக்குப் போங்க" என்றார். அவர் செய்தது சரிதான். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் 9.30க்கு இரண்டு பேருந்துப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் "உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை" என்று செய்தி போனது.

அலுவலகத்தில் இருந்தது ஒரே தொலைபேசி. அது ஐந்து நிமிடத்தில் நிரம்பியது. தொடர்பு கிடைக்காத பெற்றோர் என்ன செய்வார்கள்? நேரில் வருவார்கள். பத்து மணிக்குள் கேட்டில் ஒரு கூட்டம். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டில் இருந்த ஓர் அம்மா, சூப்பர்வைசரிடம் பர்மிஷன் போட்டு ஆட்டோ பிடித்து வந்திருந்தார். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. மகளைக் கண்ணால் பார்க்கும்வரை அவர் யார் சொல்வதையும் கேட்கவில்லை. பார்த்த பிறகு அழவில்லை, திட்டவுமில்லை. "அரை நாள் சம்பளம் போச்சு சார்" என்று மட்டும் சொன்னார்.

அன்று உண்மையிலேயே வராத பிள்ளைகளும் அதே பட்டியலில்தான் இருந்தார்கள். அவர்களைப் பற்றிக் கேட்க யாராவது அழைத்திருந்தாலும் தொலைபேசி 'பிஸி'. மொத்தமாகப் போகும் பொய்ச்செய்தியின் பெரிய கேடு இதுதான்: உண்மையான செய்தியைச் சரிபார்க்கும் ஒரே வழியையும் அது அடைத்துவிடுகிறது.

இதை எப்படித் தவிர்த்திருக்கலாம்? அந்தப் பள்ளியில் வகுப்பு ஆசிரியர்களும் கைபேசியில் வருகை பதிந்துகொண்டுதான் இருந்தார்கள். கேட்டுக் கருவி ஒரு சாட்சி, ஆசிரியர் இன்னொரு சாட்சி. இரண்டு சாட்சிகளையும் சேர்த்து விசாரிக்கவில்லை, அவ்வளவே. சேர்த்தால் என்ன ஆகிறது பாருங்கள். கேட்டிலும் இல்லை, வகுப்பிலும் இல்லை என்றால் பிள்ளை வரவில்லை என்று ஏறக்குறைய உறுதி. செய்தியை உடனே அனுப்பலாம். கேட்டில் இல்லை, ஆனால் வகுப்பில் இருக்கிறார் என்றால் அட்டையை மறந்திருப்பார், அல்லது மழை. செய்தி வேண்டாம். அந்தத் திங்கட்கிழமை வந்த கூட்டம் முழுவதும் இந்த வகைதான்.

கடைசி வகைதான் கவலைக்குரியது. கேட்டில் அட்டை விழுந்திருக்கிறது, வகுப்பில் இல்லை. பிள்ளை பள்ளிக்குள் வந்துவிட்டு எங்கோ இருக்கிறது, அல்லது வந்து வெளியே போய்விட்டது, அல்லது அதன் அட்டையை வேறொருவர் வைத்திருக்கிறார். இங்கே அம்மாவுக்குச் செய்தி அனுப்புவதற்கு முன் பி.இ.டி. மாஸ்டரையோ உதவியாளரையோ அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கழிப்பறை, நூலகம், மைதானம், ஆபீஸ் வாசல் என்று பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. கிடைக்காவிட்டால் குறுஞ்செய்தி போதாது, ஆள் பேச வேண்டும். பெரும்பாலான நாட்களில் இந்த வகையில் நாலைந்து பெயருக்கு மேல் வராது. ஆனாலும் நான் பார்த்த ஏற்பாடுகளில் இந்தப் பட்டியலைத் தனியாக எடுத்துக் காட்டியவை மிகக் குறைவு.

கேட்டுக் கருவியே இல்லாத பள்ளிகளுக்கு, அதாவது பெரும்பாலான பள்ளிகளுக்கு, இரண்டாவது சாட்சி நேரம்தான். மணி 9.10க்கு என்றால் ஆசிரியர் 9.20க்குப் பதிவார். அந்தப் பதிவு அப்படியே போகக் கூடாது. 9.35க்கு அதே ஆசிரியரின் திரையில் வராதவர்களின் பெயர் மட்டும் மறுபடி வர வேண்டும். இரண்டு பெயரோ மூன்று பெயரோதான் இருக்கும். தலையைத் தூக்கி வகுப்பைப் பார்த்து, தாமதமாக வந்தவரை மாற்றிவிட்டு, 'சரி' என்று தொட வேண்டும். 9.40க்குச் செய்தி புறப்படும். இந்த இருபது நிமிடத்தில் தாமத வருகை எல்லாம் சரியாகிவிடுகிறது. முதலில் தப்பாகத் தொட்டதும் கண்ணில் படும்.

இருபது நிமிடம் காத்திருக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனியாக சைக்கிளில் வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த இருபது நிமிடம் முக்கியமாகலாம். எல்லோருக்கும் ஒரே காத்திருப்பு என்பதை நான் ஏற்பதில்லை. பேருந்தில் வருபவர்களுக்குப் பேருந்து வந்து சேர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓட வேண்டும். தனியாக வருபவர்களுக்கு முதல் பதிவு முடிந்ததுமே ஓடலாம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு வேன் அக்காவின் பட்டியல்தான் முதல் சாட்சி. வேனில் ஏறிய பிள்ளை வகுப்பில் இல்லையென்றால் அதற்குக் காத்திருப்பு கிடையாது. அது அந்த நொடியே தலைமையாசிரியரின் வேலை.

அடுத்தது மொத்தத் தடை. 40 பேர் உள்ள வகுப்பில் வழக்கமாக இரண்டு மூன்று பேர் வராதிருப்பார்கள். ஒரு நாள் திடீரென்று பதினைந்து பேர் என்றால், பதினைந்து வீட்டிலும் காய்ச்சல் என்பதைவிட பதிவில் ஏதோ கோளாறு என்பதே பெரும்பாலும் உண்மை. வகுப்புக்கு எட்டுப் பேருக்கு மேல் போனாலோ, பள்ளி முழுவதற்கும் வழக்கமான எண்ணிக்கையில் இரண்டு மடங்கைத் தாண்டினாலோ, செய்திகளை நிறுத்திவைத்து ஒரு மனிதரைக் கேட்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் காலையில் மழை விடுமுறை அறிவித்து, அதை யாரும் கணினியில் ஏற்றாமல் விட்ட நாளில் 1200 வீட்டுக்கும் செய்தி போகாமல் காப்பது இந்தத் தடைதான். ஒரு எச்சரிக்கை. நிறுத்திவைத்த பட்டியலைப் பார்க்க இன்னார் என்று பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க வேண்டும், அவர் லீவு என்றால் அடுத்தவர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் கணினிக்குள்ளேயே தூங்கும், அதற்குள்ளிருக்கும் உண்மையான மூன்று பேரும் சேர்ந்து தூங்குவார்கள்.

இனி வரிசை எண். ஜூன், ஜூலையில் அட்மிஷன் நடந்துகொண்டே இருக்கும். நடுவில் ஒரு பிள்ளை டி.சி. வாங்கிப் போனால் அதற்குக் கீழே உள்ளவர்களின் எண் எல்லாம் ஒன்று குறையும். ஆசிரியரின் மனத்தில் பழைய எண், செயலியில் புதிய எண். 17ஆம் எண் வரவில்லை என்று அவர் தொட்டால் அது பழைய 18க்கு விழும். இதில் ஒரு தப்புக்கு இரண்டு பேர் பாதிக்கப்படுகிறார்கள்: வகுப்பில் இருப்பவர் வீட்டில் பதற்றம், வராதவர் வீட்டில் ஒன்றுமே தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பொய்ச்செய்தி போன பிள்ளையின் பெயருக்கு மேலும் கீழும் உள்ள பெயரைப் பாருங்கள். அந்த அடுத்த பெயர்தான் உண்மையில் வராதவர் என்று இரண்டு மூன்று முறை வந்தால் கோளாறு வரிசை எண்ணில்தான். சேர்க்கை எண்ணை அடிப்படையாக்கி, திரையில் பெயரோடு சின்னப் புகைப்படமும் வைத்தால் தீர்ந்தது. கார்த்திக் எஸ்., கார்த்திக் ஆர். குழப்பமும் அதோடு போய்விடும்.

விளையாட்டுப் போட்டி, என்.சி.சி. முகாம் என்று ஓ.டி.யில் போகிறவர்களை முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும் என்பதை இங்கே உள்ள ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லீவு சொல்ல வீட்டார் ஒரு எண்ணுக்கு காலை 8.30க்குள் செய்தி அனுப்பினால் அந்தப் பெயர்களும் பட்டியலிலிருந்து போய்விடும்.

செய்தியின் வாசகத்துக்கு வருவோம். நம் நாட்டில் நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திக்கு 2018இன் டிராய் விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் வாசகத்தின் வார்ப்பையும் முன்பே பதிவு செய்ய வேண்டும். பெயர், நேரம் போன்ற மாறும் இடங்களை வார்ப்பிலேயே தனியாகக் குறித்துவிட வேண்டும். பதிந்த வார்ப்பிலிருந்து வாசகம் மாறினால் செய்தி வழியிலேயே தடைபடும். இதில் பள்ளிகள் மறப்பது திருத்தச் செய்தியை. பொய்ச்செய்தி போய்விட்டது என்று 9.50க்குத் தெரிகிறது. "மன்னிக்கவும், உங்கள் பிள்ளை வகுப்பில் இருக்கிறார்" என்று அனுப்பப் பார்த்தால் அதற்கு வார்ப்பு பதியவில்லை. அந்த அவசரத்தில் பதிந்து அனுமதி வாங்கி அனுப்ப முடியாது. வராமைச் செய்தியைப் பதியும் அன்றே திருத்தத்தையும் பதிந்துவிடுங்கள்.

தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான் இடம், ஆங்கிலத்துக்கு 160. இந்த 70ம் நாம் எண்ணும் எழுத்து அல்ல. 'கி' என்பது நமக்கு ஒரு எழுத்து, கைபேசிக்கு இரண்டு குறி. புள்ளி வைத்த மெய்யும் இரண்டு. ஒரு வாசகத்தை எடுத்துக்கொள்வோம்:

```
கவின் இன்று காலை 9.40 வரை வகுப்பில் இல்லை.
```

இடைவெளியும் எண்ணும் நிறுத்தக்குறியும் சேர்த்து நம் கண்ணுக்கு 29. கைபேசிக் கணக்கில் 42. மீதி 28இல் "அழைக்க:" என்ற சொல்லும் பத்து இலக்க எண்ணும் அடங்கும். பிள்ளையின் பெயர் நீளமானால், பள்ளியின் பெயரும் சேர்ந்தால், இரண்டு செய்தியாகிவிடும், கட்டணமும் இரண்டு. அப்போது சிக்கனம் பார்த்து முதலில் வெட்டுவது "காலை 9.40 வரை" என்பதைத்தான். அதை வெட்டக் கூடாது. "பள்ளிக்கு வரவில்லை" என்று சொல்லப் பள்ளிக்குத் தெரியாது. 9.40க்கு வகுப்பில் இல்லை என்பதுதான் அதற்குத் தெரியும். அந்த நேரத்தைப் படிக்கும் அப்பா, "பஸ் லேட்டா இருக்கும்" என்று ஒரு நிமிடம் யோசிப்பார். இரண்டாவது செய்திக்கான காசைக் கொடுத்துவிடலாம்.

நேரம் இன்னொரு விதத்திலும் காக்கும். கைபேசி அணைந்திருந்தால் செய்தி வரிசையில் காத்திருந்து மாலை ஆறு மணிக்கு வந்து சேரும். பள்ளி முடிந்து பிள்ளை இன்னும் வீடு வராத வேளையில் "இல்லை" என்று ஒரு செய்தி வந்தால் வீடு என்ன பாடுபடும்! அனுப்பும் நிறுவனத்திடம் சொல்லி செய்தியின் ஆயுளை இரண்டு மணி நேரமாக வைக்கச் சொல்லுங்கள். அதற்குள் சேராதவை பள்ளிக்குத் திரும்பி வரும் அறிக்கையில் தெரியும், அந்த வீடுகளை ஆள் அழைக்கலாம். அறிக்கையில் `DELIVRD` என்றிருந்தால் கைபேசிக்குப் போனது என்று மட்டும்தான் அர்த்தம். படித்தார்கள் என்றல்ல, சரியான ஆளின் கைபேசி என்றும் அல்ல. பயன்பாடின்றி விடப்பட்ட கைபேசி எண் 90 நாள் கழிந்தால் வேறொருவருக்குப் போகலாம் என்பது நம் நாட்டு நடைமுறை. சேர்க்கையின்போது வாங்கிய எண்ணை ஆண்டுக்கு ஒரு முறையாவது சரிபார்க்காவிட்டால், முன்பின் தெரியாத ஒருவருக்கு நம் பிள்ளையின் பெயரும் அவள் வகுப்பில் இல்லை என்ற விவரமும் போய்க்கொண்டிருக்கும்.

பொய் அலாரம் குறைந்ததா என்று எப்படித் தெரியும்? செய்தி போன பிறகு 'வரவில்லை' என்பது 'வந்தார்' என்று மாற்றப்பட்ட ஒவ்வொரு பதிவும் ஓர் உறுதியான பொய் அலாரம். மாற்றினால் பழையது அழியக் கூடாது. யார், எத்தனை மணிக்கு மாற்றினார் என்று இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அதை வகுப்புவாரியாகப் பிரித்தால் காரணம் தானே வெளிவரும். ஒரே வகுப்பில் குவிந்தால் பதியும் பழக்கம் அல்லது வரிசை எண். ஒரே பேருந்துப் பிள்ளைகளானால் நேரம். திங்கட்கிழமையிலேயே வந்தால் காலை வழிபாடு நீள்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஆசிரியர்களைத் திட்ட இந்தப் பட்டியலைப் பயன்படுத்தினால், அடுத்த மாதம் யாரும் திருத்த மாட்டார்கள், எண்ணிக்கை அழகாகக் குறைந்துவிடும்.

கடைசியாக, எல்லாச் செய்தியும் அன்றே போக வேண்டுமா? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பீட்டர் பெர்க்மன், எரிக் சான் என்ற இரு ஆய்வாளர்கள் 22 பள்ளிகளில் பெற்றோருக்குத் தானியங்கிச் செய்திகள் அனுப்பிப் பார்த்தார்கள். பிள்ளை எந்தெந்தப் பாடவேளைக்கு வரவில்லை என்பது அதில் வாரம் ஒரு முறை போனது. வகுப்பு வருகை 12 சதவீதம் உயர்ந்ததாக அவர்கள் எழுதுகிறார்கள். வாரம் ஒரு முறை என்பதைக் கவனியுங்கள். அவசரம் இல்லாததால் தவறுகளைத் திருத்த அங்கே நேரம் இருக்கிறது. பிள்ளை பத்திரமா என்று சொல்வது ஒரு வேலை, பிள்ளை அடிக்கடி மட்டம் போடுகிறானா என்று சொல்வது வேறு வேலை. இரண்டையும் காலை 9.40 செய்தியின் தலையில் கட்டுகிறோம். இரண்டாவதை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றி, வாரம் முழுவதன் திருத்தப்பட்ட கணக்கை அனுப்பலாம். மேல்நிலை வகுப்புகளில் பிற்பகல் பாடவேளை ஒன்றைத் தவறவிட்டதையும் அதிலேயே சேர்க்கலாம். அப்போது காலைச் செய்திக்கு மிஞ்சுவது காரணம் சொல்லாமல், இரண்டு முறை சரிபார்த்தும் வகுப்பில் இல்லாத சில பெயர்கள் மட்டும். அவை அலுவலகத்தில் உள்ள ஒருவர் தொலைபேசியில் அழைத்தே முடித்துவிடக் கூடிய எண்ணிக்கைதான்.